லாபம் கூடும் என்று தெரிந்தும் புது லைன் வேண்டாம் என்கிறார் மேனேஜர்: ஆர்ஓஐ, எஞ்சிய வருமானம், எதை நம்புவது?

சித்தூர்_கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் பக்கம் இருக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஹெட் ஆபீஸ் வேலூர். இரண்டு டிவிஷன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை, பாலக்காடு கஞ்சிக்கோட்டில் பாட்டில் ஜூஸ் ஆலை. இரண்டுக்கும் தனித்தனி மேனேஜர். வருஷ போனஸ், அவரவர் டிவிஷனின் ஆர்ஓஐ எவ்வளவு என்று பார்த்துத்தான்.

இந்த மாதம் இரண்டு முதலீட்டு யோசனை மேஜைக்கு வந்திருக்கிறது.

சித்தூர் டிவிஷனில் போட்டிருக்கும் பணம் 20 கோடி, வருஷ லாபம் 5 கோடி. ஆர்ஓஐ 25 சதவீதம். மாங்காய் சீசன் முடிந்தால் ஆலை பாதி நாள் சும்மா கிடக்கிறது. கொய்யா, பப்பாளிக் கூழ் எடுக்க 5 கோடியில் ஒரு லைன் போட்டால், தேய்மானம் போக வருஷத்துக்கு 90 லட்சம் கூடுதலாக வரும் என்று கணக்கு. அதாவது 18 சதவீதம். மேனேஜர் வேண்டாம் என்கிறார்.

கஞ்சிக்கோட்டில் 30 கோடி முடங்கியிருக்கிறது, லாபம் 3 கோடி 60 லட்சம். ஆர்ஓஐ 12. அங்கே 4 கோடியில் இன்னொரு பாட்டில் லைன் கேட்கிறார்கள். வருஷம் 52 லட்சம் வருமாம், 13 சதவீதம். அந்த மேனேஜர் வாரம் ஒரு முறை போன் போட்டு எப்போது பணம் வரும் என்று கேட்கிறார்.

எங்கள் முதலாளி எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வருமானம் 14 சதவீதம். கடன், சொந்தப் பணம் இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு. 18 தருவதை ஒருவர் தள்ளுகிறார், 13 தருவதை இன்னொருவர் துரத்துகிறார். இரண்டு பேரும் அனுபவசாலிகள்தான். முதலாளிக்கு இதை எப்படி விளக்குவது?

நகரி_தறிக்காரன்

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேங்க்காரன் 10, 11 வட்டிக்குக் கொடுக்கிறான். ஒன்று 18 தருகிறது, இன்னொன்று 13 தருகிறது. இரண்டையும் போடுங்கள். நான் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறேன். தறி வாங்கும்போது இதைத்தான் பார்த்தேன்: வட்டி போக மிச்சம் இருக்கிறதா, இருக்கிறது, வாங்கு. இன்றைக்கும் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சித்தூர்_கணக்கு

அண்ணா, பேங்க் வட்டி கடனாக வாங்கிய பங்குக்கு மட்டும்தான். மீதிப் பணம் முதலாளி குடும்பத்துடையது. வேறு எங்காவது போட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதை அவர்கள் இதில் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் கலந்துதான் 14. பேங்க் வட்டியைத் தாண்டினால் போதும் என்று விட்டால், முதலாளி பணம் சும்மா வந்தது போல ஆகிவிடும். உங்கள் தறியிலும் கைப்பணம் பாதி இருந்திருக்குமே?

நகரி_தறிக்காரன்

பாதிக்கு மேலே கைப்பணம். அதற்கு யாருக்கு வட்டி கட்டுவது என்று விட்டுவிட்டேன். சரி, நீங்கள் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இறுதித்தேர்வு_புத்தூர்

காஸ்ட் அக்கவுண்டன்சி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்தப் பகுதியைப் போன வாரம்தான் முடித்தேன். எஞ்சிய வருமானம் போட்டுப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. லாபத்திலிருந்து, டிவிஷனில் போட்ட பணத்துக்கு 14 சதவீதம் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் அளவு.

```
சித்தூர், இப்போது      : 5.00 - 14% x 20 = 2.20 கோடி
சித்தூர், லைன் போட்டால் : 5.90 - 14% x 25 = 2.40 கோடி
கஞ்சிக்கோடு, இப்போது   : 3.60 - 14% x 30 = -0.60 கோடி
கஞ்சிக்கோடு, போட்டால்  : 4.12 - 14% x 34 = -0.64 கோடி
```

சித்தூரில் 20 லட்சம் கூடுகிறது, கஞ்சிக்கோட்டில் 4 லட்சம் குறைகிறது. அதனால் முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். ஆர்ஓஐ பார்த்தால் நேர் எதிர்: சித்தூர் 25லிருந்து 23.6க்கு இறங்கும், கஞ்சிக்கோடு 12லிருந்து 12.1க்கு ஏறும். எஞ்சிய வருமானம் எப்போதும் சரியான பதில் தரும். ஆர்ஓஐயைத் தூக்கிப் போட்டுவிடலாம். சித்தூர் மேனேஜர்தான் திறமைசாலி என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

கணக்கு நான்கு வரியும் சரி அம்மா. "எப்போதும்" என்றது கொஞ்சம் அவசரம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். காரணம் பிடிபட்டால் எந்த யோசனையில் சண்டை வரும், எதில் வராது என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம்.

உங்கள் பக்கம் பால் சென்டர் இல்லாத ஊர் கிடையாது. எருமைப்பால் கேனில் கொழுப்பு 7 நிற்கிறது என்று வையுங்கள். அதில் 4 கொழுப்புள்ள பசும்பாலை ஊற்றினால் கேனின் சதவீதம் இறங்கும், ஆனால் கேனுக்குள் இருக்கும் மொத்தக் கொழுப்பு கூடியிருக்கும். ஆர்ஓஐ அந்தச் சதவீதம். 25 தரும் டிவிஷனில் 25க்குக் கீழே எது வந்து சேர்ந்தாலும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சராசரி இறங்கும். 12 தரும் டிவிஷனில் 12க்கு மேலே எது வந்தாலும் ஏறும்.

ஆகவே ஆர்ஓஐ வைத்து போனஸ் வாங்குகிற மேனேஜர் புது யோசனையைத் தன்னுடைய இன்றைய சதவீதத்தோடு ஒப்பிடுகிறார். எஞ்சிய வருமானம் வைத்து வாங்குகிறவர் கம்பெனியின் 14 சதவீதத்தோடு ஒப்பிடுகிறார். இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழும் யோசனைகளில் மட்டும்தான் சண்டை. சித்தூரில் 14க்கும் 25க்கும் நடுவே, கஞ்சிக்கோட்டில் 12க்கும் 14க்கும் நடுவே. சித்தூருக்கு 30 சதவீத யோசனை வந்தால் இரண்டு அளவும் சரி என்று சொல்லும், 10 சதவீதம் வந்தால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லும். உங்கள் 18ம் 13ம் கச்சிதமாக அந்த நடு இடத்தில் வந்து விழுந்திருக்கின்றன.

இதில் கொடுமை என்னவென்றால், டிவிஷன் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அந்த இடைவெளி அகலமாகிறது. பணத்தை நன்றாக உபயோகிக்கத் தெரிந்தவர் கைக்குத்தான் பணம் போகாமல் நிற்கும்.

பழைய கதை ஒன்று. ஆர்ஓஐயைப் பெரிய கம்பெனிக்குள் முறையாகக் கொண்டுவந்தது அமெரிக்காவின் டுபான்ட். 1910களில் அங்கே டொனால்ட்சன் பிரவுன் என்ற நிதி அதிகாரி அதைச் சூத்திரமாக்கினார், 1921ல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனபோது அங்கும் கொண்டுபோனார். எந்தப் பிரிவுக்குப் பணம் தருவது என்று தலைமை அலுவலகம் மேலே இருந்து பார்க்க அது நல்ல கருவி. பணத்தைக் கேட்கிறவருடைய சம்பளத்தையே அதில் கட்டும்போதுதான் நீங்கள் சொல்லும் கதை நடக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1950களில் எஞ்சிய வருமானத்துக்கு வந்ததும் இந்த மாதிரி சிக்கலால்தான்.

இப்போது அந்த "எப்போதும்". எஞ்சிய வருமானம் சதவீதம் இல்லை, ரூபாய். 50 கோடி முடங்கிய டிவிஷன் 16 சதவீதம் சம்பாதித்தால் 1 கோடி மிஞ்சும். 5 கோடி டிவிஷன் 25 சதவீதம் சம்பாதித்தால் 55 லட்சம்தான் மிஞ்சும். முதல் டிவிஷனின் மேனேஜர் இரண்டு மடங்கு திறமைசாலியா? பெரிய டிவிஷனில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் இரண்டு மேனேஜரின் எஞ்சிய வருமானத்தைப் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்பு சொல்லக்கூடாது. அவரவருக்கு வருஷ ஆரம்பத்தில் வைத்த இலக்கு என்ன, அதைத் தாண்டினாரா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இறுதித்தேர்வு_புத்தூர்

நன்றி சார். தேர்வு வினாக்களில் யோசனையை ஏற்கலாமா என்று மட்டும் கேட்பார்கள், ஆளை ஒப்பிடுவது வேறு கேள்வி என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் யோசனையை ஏற்பதற்காவது எஞ்சிய வருமானம் எப்போதும் சரிதானே?

ஷிஃப்ட்_மேனேஜர்

நான் கணக்குக்காரன் இல்லை. கஞ்சிக்கோடு எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் யூனிட் பார்க்கிறேன். சித்தூர் மேனேஜரைப் பற்றி இங்கே பேசுவதைப் பார்த்தால் போனஸுக்காகக் கம்பெனியைக் கைவிட்டவர் போலத் தோன்றுகிறது. அது நியாயம் இல்லை. அவரை எதை வைத்து அளக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தது ஹெட் ஆபீஸ். அவர் அதைச் செய்கிறார்.

எங்களுக்கு நான்கு வருஷம் முன்பே எஞ்சிய வருமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதிலும் இதே வலி உண்டு. பாட்டில்களைக் கட்டுக்கட்டாகப் படலம் சுற்றும் ஷ்ரிங்க் மெஷின் ஒன்று 50 லட்சத்துக்குப் பேசியிருந்தேன். 5 வருஷம் உழைக்கும், அப்புறம் இரும்பு விலைக்குக்கூடத் தேறாது. ஆள் கூலி, படலம் எல்லாவற்றிலும் சேர்த்து வருஷம் 15 லட்சம் ரொக்கம் மிச்சம். தேய்மானம் 10 லட்சம், ஆக லாபக் கணக்கில் 5 லட்சம் ஏறும். எங்களுக்கும் 14 சதவீதம்தான். முதல் வருஷம் 50 லட்சத்துக்கு 7 லட்சம் கழிக்கிறார்கள். 5க்கு 7 போனால் எனக்கு 2 லட்சம் குறைவு. இரண்டாம் வருஷமும் குறைவுதான். எங்கள் கம்பெனியில் யூனிட் ஆட்களை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மெஷின் எனக்கு நல்லது செய்யத் தொடங்கும்போது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

மெஷின் உண்மையில் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாங்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

நல்ல மெஷின் சார். வாங்கியிருக்க வேண்டிய மெஷின். வாங்காததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன், உங்கள் அளவு அப்படி வைக்கப்பட்டிருந்தது. அம்மா கேட்ட இரண்டாவது "எப்போதும்" இதிலேயே இருக்கிறது, அதனால் முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எல்லாம் லட்சத்தில்.

```
வருஷம்  ஆரம்ப மதிப்பு  லாபம்  14%   மிச்சம்  ஆர்ஓஐ
1       50            5      7.0   -2.0    10%
2       40            5      5.6   -0.6    12.5%
3       30            5      4.2    0.8    16.7%
4       20            5      2.8    2.2    25%
5       10            5      1.4    3.6    50%
```

மெஷின் ஐந்து வருஷமும் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. வருஷா வருஷம் அதே 15 லட்சம். ஆனால் புத்தகத்தில் அதன் மதிப்பு இறங்க இறங்க ஆர்ஓஐ 10லிருந்து 50க்குப் போகிறது. எஞ்சிய வருமானமும் கூடவே ஏறுகிறது. முதல் வருஷ ஆர்ஓஐ பார்த்து மெஷினைத் திட்டுவதும் கடைசி வருஷம் பார்த்து மேனேஜரைப் பாராட்டுவதும் இரண்டும் தப்பு. அதன் உண்மையான வருமானம் வருஷம் 15 சதவீதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். 14ஐத் தாண்டுகிறது.

அந்த "மிச்சம்" பத்தியில் இருக்கும் ஐந்து எண்ணையும் 14 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டிப் பாருங்கள். ஒன்றரை லட்சம் வரும். அப்புறம் நேராக, 50 லட்சம் போட்டு வருஷம் 15 லட்சம் ஐந்து வருஷம் வாங்குவதன் நிகர இன்றைய மதிப்பைப் போடுங்கள். அதே ஒன்றரை லட்சம். இது தற்செயல் இல்லை. தேய்மானம் எப்படிப் போட்டாலும், மொத்தத் தேய்மானம் மெஷின் விலைக்குச் சமமாக இருக்கும் வரை, ஆயுள் முழுவதும் சேர்த்தால் எஞ்சிய வருமானம் அங்கேதான் வந்து நிற்கும். ஆர்ஓஐக்கு இந்தக் குணம் இல்லை. நான் எஞ்சிய வருமானத்தின் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்தால்தான் அந்தப் பொருத்தம். ஒரு வருஷத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அது மெஷினின் வயதைத்தான் அதிகம் சொல்லும். நம் ஊரில் போனஸ் வருஷத்துக்கு ஒன்று.

இதற்கு ஒரு வழி உண்டு. மெஷினை ஹெட் ஆபீஸ் வாங்கி யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம், 5 வருஷம், 14 சதவீதம் என்றால் சம வாடகை வருஷத்துக்கு 14 லட்சத்து 56 ஆயிரம் சொச்சம். தேய்மானம், வட்டி இரண்டும் அதற்குள் அடக்கம். 15 லட்சத்தில் அதைக் கழித்தால் வருஷா வருஷம் சுமார் 44 ஆயிரம் மிஞ்சும். முதல் வருஷமே லாபம், ஐந்தாம் வருஷமும் அதே லாபம். ஷிஃப்ட் மேனேஜர் சாருக்கும் அவருக்கு அடுத்து வருகிறவருக்கும் ஒரே நியாயம். கம்பெனிச் சட்டக் கணக்குக்கு வழக்கமான தேய்மானம் இருக்கட்டும், மேனேஜரை அளக்கும் ஷீட்டில் மட்டும் இப்படிப் போடலாம்.

ஷிஃப்ட்_மேனேஜர்

வாடகை மாதிரி போட்டிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். 44 ஆயிரம் சின்னத் தொகைதான், ஆனால் மைனஸ் இல்லை. ரிவ்யூவில் மைனஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும்.

ஒன்று மட்டும் சார். வருஷம் 15 லட்சம் ஒரே மாதிரி வந்தால்தான் இது இவ்வளவு அழகாக அமைகிறது. புதிய பானம் ஒன்றுக்கு லைன் போட்டால் முதல் வருஷம் விற்பனையே இருக்காது. அப்போது சம வாடகையிலும் மைனஸ்தானே?

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

ஆமாம், அங்கே அது உதவாது. எதிர்பார்க்கும் வரவுக்கு ஏற்ப வாடகையை ஏற்றி இறக்கலாம் என்று காகிதத்தில் எழுதலாம். ஆனால் எதிர்பார்ப்பை எழுதுகிறவர் அந்த மேனேஜர்தான். என்னிடம் சுத்தமான பதில் இல்லை. அந்த மாதிரி முதலீட்டை முதல் இரண்டு வருஷம் ஷீட்டுக்கு வெளியே வைத்துத் தனியாகப் பார்த்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும், வெளியே வைத்தது உள்ளே வராமலே போன கதைகள் உண்டு.

கூழ்_டிரம்

கிருஷ்ணகிரியிலிருந்து. சித்தூர் ஆலைகளிலிருந்து கூழ் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிற வேலை எனக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 20 கோடி என்கிறீர்களே, அது எந்தத் தேதிக் கணக்கு?

பெங்களூரா மாங்காய் வருவதே ஜூன், ஜூலை. அந்த இரண்டு மாதத்தில் வருஷத்துக்கான சரக்கு முழுக்க டிரம்மில் ஏறிவிடும். ஒரு டிரம்மில் 215 கிலோ, ஆலை வாசல் வரைக்கும் அடுக்கியிருப்பார்கள். அதிலிருந்து மாதா மாதம் கன்டெய்னர் போய்க்கொண்டே இருக்கும். மார்ச் வந்தால் குடோனில் எதிரொலி கேட்கும். ஜூலையில் பார்த்தால் ஒரு முதலீடு, மார்ச்சில் பார்த்தால் ஒரு முதலீடு.

சித்தூர்_கணக்கு

நல்ல கேள்வி அண்ணா. இங்கே நான் கொடுத்த 20 கோடி 12 மாதச் சராசரி. ஆலை, நிலம், இயந்திரம் 12 கோடி. சரக்கு ஜூலைக் கடைசியில் 16 கோடி வரைக்கும் போகும், மார்ச் 31ல் 2 கோடி. சராசரி 8. ஆனால் போனஸ் ஷீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பது மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் எண். 14 கோடி.

அப்படியானால் மேனேஜர் கையில் இருக்கும் ஆர்ஓஐ 25 இல்லை, 35.7.

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

இது பெரிய விஷயம். அவர் மனதில் இருக்கும் கோடு 35.7. அதாவது 30 சதவீதம் தரும் யோசனையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். நாம் 14க்கும் 25க்கும் நடுவே என்று பேசிக்கொண்டிருந்த இடைவெளி உண்மையில் 14க்கும் 36க்கும் நடுவே. கொய்யா லைனுக்கு 18 சதவீதம் என்று அவரிடம் சொன்னபோது அதைப் பாதி வருமானம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

கூழ்_டிரம்

அது மட்டும் இல்லை சார். பிப்ரவரி கடைசியில் எனக்குச் சில ஆலைகளிலிருந்து போன் வரும். டிரம் இருக்கிறது, விலை பார்த்து முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் 31க்குள் பணம் வந்துவிட வேண்டும் என்பார்கள். ஏப்ரல், மே மாதத்தில் புது சரக்கு வருவதற்கு முன்னால் விலை கொஞ்சம் ஏறும் வருஷங்களில்கூட இப்படி விற்பார்கள். எனக்கு லாபம், அதனால் ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்குத்தான் காரணம் புரிகிறது.

இறுதித்தேர்வு_புத்தூர்

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 கோடி ரூபாய் சரக்கை 10 லட்சம் நஷ்டத்துக்கு மார்ச்சில் தள்ளிவிட்டுப் பணத்தை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார் என்று வைத்தேன். லாபம் 4.90, முதலீடு 13. ஆர்ஓஐ 35.7லிருந்து 37.7க்கு ஏறுகிறது. இது ஆர்ஓஐயின் கோளாறு, எஞ்சிய வருமானத்தில் பிடிபட்டுவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அதிலும் 14 கோடிக்குப் பதில் 13 கோடிக்குத்தான் 14 சதவீதம் கழிக்கிறோம். 14 லட்சம் மிச்சம், 10 லட்சம் நஷ்டம். எஞ்சிய வருமானமும் 4 லட்சம் ஏறுகிறது! இரண்டு அளவும் சேர்ந்து தப்பாகச் சொல்கின்றன. எங்கே தவறுகிறேன்?

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

நீங்கள் தவறவில்லை. ஒரு நாள் இருப்பை வைத்து வருஷம் முழுவதுக்கும் வட்டி போடுவதுதான் தவறு. அந்த 1 கோடி சரக்கை மே வரைக்கும், அதாவது இரண்டு மாதம் வைத்திருந்தால் 14 சதவீதத்தில் ஆகும் செலவு சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம். அதை மிச்சப்படுத்த 10 லட்சம் தள்ளுபடி கொடுத்திருக்கிறார். மாதச் சராசரியில் போட்டால் இந்த வித்தை ஓடாது, எஞ்சிய வருமானம் உடனே ஏழரை லட்சத்துக்கு மேல் இறங்கிக் காட்டிவிடும்.

ஆர்ஓஐயா எஞ்சிய வருமானமா என்று நாம் இவ்வளவு நேரம் பேசினோம். சீசன் தொழிலில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கணக்கில் போடும் முதலீடு எந்த நாளின் எண் என்பதுதான். கரும்பு ஆலை, பஞ்சாலை, முந்திரி எல்லாவற்றுக்கும் இதே கதை. கண்டுபிடிப்பதும் சுலபம். மார்ச் மாத விற்பனை விலையை முந்தைய இரண்டு மாத விலையோடு வைத்துப் பாருங்கள், ஏப்ரல் முதல் வாரக் கொள்முதலையும் பாருங்கள். மார்ச்சில் விலை இறங்கி, ஏப்ரலில் பாதாளத்திலிருந்து சரக்கு எழும்பினால் ஷீட்டுக்காக நடந்த வேலை.

நகரி_தறிக்காரன்

குறுக்கே வருகிறேன். எல்லாம் சரி, அந்த 14 யார் வைத்தது? மாங்காய் ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் ஏமாற்றும். பாட்டில் ஜூஸ் அப்படி இல்லை, வெயில் அடித்தால் விற்கும். இரண்டுக்கும் ஒரே 14 என்றால் எப்படி? என் தறிக்கும் சாயப்பட்டறைக்கும் நான் ஒரே வட்டி எதிர்பார்க்க மாட்டேன். சாயப்பட்டறையை எப்போது மூடச் சொல்வார்கள் என்றே தெரியாது.

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

இந்த இழையிலேயே கடினமான கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். எஞ்சிய வருமானத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனி விகிதம் வைக்க முடியும், அது அதன் பலம். சித்தூருக்கு 16, கஞ்சிக்கோட்டுக்கு 12 என்று வைத்தாலும் சித்தூர் லைன் 18ல் தேறிவிடும். ஆனால் கஞ்சிக்கோட்டின் 13ம் தேறிவிடும், அங்கே முடிவு தலைகீழ். அந்த 16ஐயும் 12ஐயும் எந்தக் கணக்கில் வைப்பது? பங்குச் சந்தையில் இல்லாத குடும்பக் கம்பெனிக்கு அதைச் சொல்லும் கருவி என்னிடம் இல்லை. பேரம் பேசித்தான் முடிவு செய்வார்கள், பேரத்தில் குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார்.

ஷிஃப்ட்_மேனேஜர்

கஞ்சிக்கோடு மேனேஜருக்காக ஒரு வார்த்தை. மைனஸ் 60 லட்சம் அவர் தலையில் இருக்கிறது. அந்த 30 கோடியில் அவர் கேட்டு வாங்கியது எவ்வளவு, அவருக்கு முன்னால் இருந்தவர் கட்டி வைத்தது எவ்வளவு? டிவிஷன் நல்லதா என்பது ஒரு கேள்வி, மேனேஜர் நல்லவரா என்பது வேறு. மைனஸ் 60லிருந்து மைனஸ் 40க்குக் கொண்டுவந்தவருக்கு போனஸ் கொடுக்கத்தான் வேண்டும்.

இறுதித்தேர்வு_புத்தூர்

அதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். மைனஸில் இருக்கும் டிவிஷனுக்கு போனஸ் கொடுத்தால் முதலாளி பணத்துக்கு யார் பதில் சொல்வது? குறைந்தபட்சம் நிலத்தை, சும்மா கிடக்கும் இயந்திரத்தை விற்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தும் விற்கவில்லை என்றால் அது அவருடைய எண்தான்.

ஷிஃப்ட்_மேனேஜர்

அதிகாரம் இருந்தால் சரி. எங்கள் பக்கம் ஒரு பழைய பாய்லரை விற்கவே ஹெட் ஆபீஸ் கையெழுத்துக்கு ஏழு மாதம் காத்திருந்தோம்.

சித்தூர்_கணக்கு

முதலாளிக்கு எழுதும் குறிப்பு இப்படி நிற்கிறது. போனஸ் ஷீட்டில் மார்ச் 31 எண்ணை எடுத்துவிட்டு 12 மாதச் சராசரி. அளவு எஞ்சிய வருமானம், ஆனால் இரண்டு டிவிஷனையும் ஒப்பிடாமல் அவரவர் இலக்கோடு. புது இயந்திரங்களுக்கு மட்டும் சம வாடகை முறை, பழையவற்றைத் தொடவில்லை, அதைத் திரும்பக் கணக்கிட ஆள் இல்லை. விகிதம் இப்போதைக்கு 14. கொய்யா லைன் வேண்டும், கஞ்சிக்கோட்டு லைன் வேண்டாம்.

கூழ்_டிரம்

கொய்யாக் கூழும் டிரம்மில் நிற்கும் தம்பி. இன்றைக்கு எடுத்து நாளைக்கே விற்க மாட்டீர்கள். அந்த 5 கோடியில் அதைச் சேர்த்தீர்களா?

சித்தூர்_கணக்கு

சேர்க்கவில்லை. 5 கோடி லைன் விற்கிறவர் கொடுத்த எஸ்டிமேட், இயந்திரமும் கட்டடமும் மட்டும். தயாரிப்பு அட்டவணையை வைத்துப் பார்த்ததில் சராசரியாக 60 லட்சம் சரக்கு நிற்கும் போலிருக்கிறது. 5 கோடி 60 லட்சத்துக்கு 90 லட்சம் என்றால் 16 சதவீதம். 14 சதவீதம் 78 லட்சத்து 40 ஆயிரம் போக மிச்சம் 11 லட்சத்து 60 ஆயிரம். முன்பு 20 லட்சம் என்று பார்த்தோம்.

கொழிஞ்சாம்பாறை_காஸ்டிங்

இன்னும் வேண்டும் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் தறிக்காரர் சொன்னபடி சித்தூருக்கு 16 என்று முதலாளி முடிவு செய்தால் அந்த 11 லட்சத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது, 40 ஆயிரம்தான். அனுப்புவதற்கு முன்னால் கொய்யாவுக்கு வாங்குகிறவர் யார், எத்தனை மாதக் கடன் கேட்பார் என்று மேனேஜரிடமே கேட்டுவிடுங்கள். மூன்று மாதக் கடன் என்றால் அந்தப் பணமும் முதலீட்டில் ஏற வேண்டும்.

சித்தூர்_கணக்கு

நாளைக்குக் காலையில் ஆலைக்குப் போகிறேன் சார். கேட்டுவிட்டு இங்கேயே போடுகிறேன்.